லேப் அப்பெண்டிக்ஸ் ஓ.டி. நோட்: உள்ளே எதை விட்டுவந்தீர்கள்?

"சர்ஜரி பி.ஜி. முதல் வருஷம். லேப் அப்பெண்டிசெக்டமி முடிந்ததும் ஓ.டி. நோட் எழுதுவது என் வேலை. பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்து அதே மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் சீஃப் படித்துவிட்டு, 'அஞ்சு வருஷம் கழித்து இந்த வயிற்றைத் திறக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு உண்மையில் என்னதான் தேவைப்படும்?"

நீங்கள் பார்த்து எழுதிய பழைய நோட் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: பொது மயக்கத்தில் மூன்று போர்ட். அப்பெண்டிக்ஸ் வீங்கியிருந்தது. மீசோ பிரிக்கப்பட்டது. அடி கட்டப்பட்டது. அப்பெண்டிக்ஸ் எடுக்கப்பட்டது. ரத்தக்கசிவு இல்லை. போர்ட்கள் மூடப்பட்டன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை எந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் வைத்தாலும் பொருந்திவிடும்.

இப்படிப்பட்ட ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருமுறை தவித்திருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வலது அடிவயிற்று வலி, காய்ச்சலோடு வந்தார். தொப்புளில் ஒன்று, கீழே இரண்டு என மூன்று சின்னத் தழும்புகள். வேறோர் ஊரில் மூன்றரை வருஷத்துக்கு முன்னால் லேப் அப்பெண்டிக்ஸ் ஆனவர். தழும்பைப் பார்த்ததுமே கேஷுவால்டியில் அப்பெண்டிக்ஸை மனதிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் நாள் சிறுநீர்க் குழாய்க் கல் என்று பார்த்தார்கள், இரண்டாம் நாள் குடல் தொற்று என்றார்கள். மூன்றாம் நாள் எடுத்த சி.டி.யில் சீக்கத்தின் பின்பக்கம் குழாய் போல ஒன்று தெரிந்தது. நீளம் 3 செ.மீ., உள்ளே ஒரு கல், சுற்றிலும் கொழுப்பு கலங்கியிருந்தது. ரேடியாலஜிஸ்ட் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "இவருக்கு அப்பெண்டிக்ஸ் முழுசாக எடுத்தார்களா, சார்?"

பழைய ஆஸ்பத்திரியில் கேட்டு நோட்டின் படத்தை வாங்கினோம். மேலே எழுதிய ஏழு வரிதான் இருந்தது. அடி தெரிந்ததா, எதை வைத்துக் கட்டினார்கள், எவ்வளவு விட்டு வெட்டினார்கள், அன்றைக்குக் கல் இருந்ததா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சீக்கம் பக்கச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னால் 3 செ.மீ. அடிக்கட்டை, அதன் நுனியில் இரண்டு பாலிமர் கிளிப். முதல் ஆபரேஷனில் சீக்கத்துக்குப் பின்னால் மறைந்திருந்த அடிப்பகுதியைத் தோண்டாமல், கண்ணில் பட்ட இடத்தையே அடி என்று எடுத்துக்கொண்டு கிளிப் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அப்படி முடிவெடுக்கக் காரணம் இருந்திருக்கலாம், அதில் எனக்குக் குறையில்லை. "அடி தெரியவில்லை, சுமார் 3 செ.மீ. விட்டிருக்கிறோம்" என்று எழுதாததுதான் குறை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே சி.டி. எடுத்திருப்போம். மூன்றாம் நாளில் சீக்கத்தின் சுவரே தையல் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. அடிக்கட்டையை மட்டும் எடுத்து முடித்திருக்க வேண்டியவருக்கு, இலியத்தின் முனையையும் சீக்கத்தையும் சேர்த்து வெட்டி இணைக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து நோட் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, "உள்ளே எதை விட்டுவந்தேன்?" என்பதுதான். வெளியே எடுத்ததைப் பத்தாலஜிக்காரர் அளந்து, அறுத்து, எழுதி வைத்துவிடுவார். உள்ளே இருக்கும் ஸ்டம்ப், கட்டிய பொருள், கிடைக்காத கல், பார்க்காமல் விட்ட குடல் இவற்றுக்கு உங்கள் நோட்டைத் தவிர வேறு பதிவு கிடையாது. சீஃப் கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டம்பிலிருந்தே தொடங்குகிறேன். நோட்டில் அதிக இடம் கொடுக்க வேண்டியது அதற்குத்தான். முதலில் எழுத வேண்டியது, அடியை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்பது. "அடி கண்டறியப்பட்டது" என்று எழுதினால் போதாது. சீக்கத்தின் முன்பக்க டீனியாவைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தீர்களா, மூன்று டீனியாக்களும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததா, டெர்மினல் இலியம் சீக்கத்தில் சேருவது அதே பார்வையில் தெரிந்ததா? இவை தெரிந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். வீக்கத்தால் டீனியா சேரும் இடம் தெரியாமல், குழாயின் பருமன் மாறும் இடத்தை வைத்து முடிவு செய்திருந்தால், அதையும் அப்படியே எழுதுங்கள். பின்னால் படிப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. முதலாவதைப் படித்தால் மறுபடி அப்பெண்டிசைட்டிஸ் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று நினைப்பார், இரண்டாவதைப் படித்தால் சி.டி.க்கு அனுப்புவார்.

அடுத்து அளவு. ஸ்டம்ப் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஆனால் "ஸ்டம்ப் 5 மி.மீ." என்று மொத்தமாக எழுதினால் எங்கிருந்து எங்கே என்ற கேள்வி வரும். சீக்கச் சுவரிலிருந்து முதல் லூப் வரை ஒரு தூரம், கடைசி லூப்பிலிருந்து வெட்டு முனை வரை இன்னொரு தூரம். முன்னதுதான் சீக்கத்தோடு திறந்திருக்கும் குழாய். கல் அடைத்து மறுபடி வீங்கக்கூடியது அந்தப் பகுதி. பின்னது, லூப் நழுவாமல் இருப்பதற்காக விடும் திசு. அதைக் குறைத்தால் லூப் கழன்று கசியும், முன்னதைக் கூட்டினால் ஸ்டம்ப் அப்பெண்டிசைட்டிஸ் வரும். இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். அளப்பதற்குக் கருவி எதுவும் தேட வேண்டாம். கையில் இருக்கும் 5 மி.மீ. கிராஸ்பரின் தண்டைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், அதன் அகலமே அளவுகோல். கேமராவின் உருப்பெருக்கத்தில் கண் மதிப்பு நிச்சயம் ஏமாற்றும்.

பிறகு, எதை வைத்து மூடினீர்கள் என்பது. எண்டோலூப் என்றால் எத்தனை, எந்த நூல், ஸ்டம்ப் பக்கம் எத்தனை, துண்டத்தின் பக்கம் எத்தனை. பாலிமர் கிளிப் என்றால் எத்தனை, என்ன அளவு. அது கரையாது, அங்கேயே இருக்கும். ஸ்டேப்ளர் என்றால் கார்ட்ரிட்ஜின் நீளம், நிறம், எத்தனை முறை அடித்தீர்கள், சீக்கத்தின் விளிம்பைச் சேர்த்து அடித்தீர்களா, அப்படியென்றால் இலியம் சேரும் வாய் குறுகவில்லை என்று பார்த்தீர்களா. இதெல்லாம் வெறும் சாமான் கணக்கு மாதிரித் தோன்றும். ஆனால் பின்னால் சி.டி. பார்ப்பவருக்கு இதுதான் கைப்பிடி. ஸ்டேப்ளரின் டைட்டானியம் வரிசை சி.டி.யில் பளிச்சென்று தெரியும். அதற்கும் சீக்கத்துக்கும் நடுவே எவ்வளவு திசு இருக்கிறது என்று அளந்தாலே ஸ்டம்பின் நீளம் கிடைத்துவிடும். லூப் போட்டிருந்தால் அப்படி அடையாளம் எதுவும் தெரியாது, நூல் கரைந்தும் போயிருக்கும். ஆகவே ரேடியாலஜிஸ்ட் எதைத் தேட வேண்டும், எது இல்லாதது இயல்பு என்பதை உங்கள் நோட்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

கட்டிய இடத்தில் திசு எப்படி இருந்தது என்று ஒரு வரி சேருங்கள். அடியும் அதைச் சுற்றி 1 செ.மீ. சீக்கமும் ஆரோக்கியமாக இருந்தனவா, வீங்கி மெத்தென்று இருந்தனவா, கறுத்திருந்தனவா? ஐந்தாம் நாள் காய்ச்சலோடு வயிறு உப்பி வந்தால், அன்று டியூட்டியில் இருக்கும் சர்ஜன் கேஸ் ஷீட்டில் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். ஆரோக்கியமான அடி என்றால் சீழ்க்கட்டி என்று நினைத்து ஸ்கேன் எடுப்பார். நைந்த அடி என்றால் ஸ்டம்ப் விட்டுப்போய்விட்டதோ என்று ஓ.டி.யைத் தயார் செய்துகொண்டே ஸ்கேன் எடுப்பார்.

மீசோவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பைப்போலாரா, வேறு எனர்ஜி கருவியா, கிளிப்பா என்பதோடு, சீக்கச் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் சூடு பட்டது என்று எழுதுங்கள். சூடு பட்ட சுவர் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், சில நாள் கழித்துத் துளை விழும். "சீக்கத்தை ஒட்டி எனர்ஜி பயன்படுத்தவில்லை" என்பதும் தகவல்தான், "வெள்ளையாக மாறிய 4 மி.மீ. இடத்தை ஒரு தையலால் மூடினோம்" என்பதும் தகவல்தான்.

சரி, அடுத்தது கல். ஃபீகோலித் என்று நாம் சொல்லும் மலக்கல் வயிற்றுக்குள் விழுந்து தங்கிவிட்டால் அதைச் சுற்றிச் சீழ் கட்டும். சில வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். ஊசி போட்டுச் சீழை வடித்தாலும் கல் இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். கல்லீரலுக்கு அடியில், இடுப்புக் குழியில் என்று அப்பெண்டிக்ஸோடு சம்பந்தமே இல்லாத இடத்தில் வருவதால், பார்ப்பவருக்கு முதலில் நம் ஆபரேஷன் நினைவுக்கே வராது. ஆகவே கல்லைப் பற்றிய வரி ஒரு வரவு செலவுக் கணக்கு போல இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனில் எத்தனை கல் இருந்தது, உள்ளே எத்தனையைப் பார்த்தீர்கள், எத்தனை வெளியே வந்தது. கணக்கு இடித்தால் இடிக்கிறது என்றே எழுதுங்கள். எங்கே விழுந்திருக்கலாம், எங்கெங்கே தேடினீர்கள் என்றும் சேருங்கள். ஸ்கேனில் தெரிந்த கல் உள்ளே கிடைக்கவில்லை என்றால், வயிற்றை மூடுவதற்கு முன் துண்டத்தை விரலால் நெருடிப் பாருங்கள், பல சமயம் உள்ளேயே இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் நடுப்பகுதியில் மட்டும் நீளவாக்கில் கீறிப் பார்க்கலாம். அடி முனையைத் தொடாதீர்கள், பத்தாலஜிக்கு அது முழுசாகப் போக வேண்டும். கீறியதை நோட்டிலும் பத்தாலஜி ஃபார்மிலும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கீறலை அவர்கள் பெர்ஃபரேஷன் என்று படிக்க வாய்ப்பிருக்கிறது.

பெர்ஃபரேஷன் எங்கே என்பதையும் அடி, நடு, நுனி என்று பிரித்துச் சொல்லுங்கள். "பெர்ஃபரேட்டட் அப்பெண்டிக்ஸ்" என்ற இரண்டு சொல் போதாது. நுனியில் ஓட்டை என்றால் சீழ்க்கட்டி வரலாம், ஸ்டம்புக்குப் பயமில்லை. அடியில் ஓட்டை என்றால் நீங்கள் கட்டிய இடமே நோயுற்ற இடம். சீழையும் அதேபோல எங்கே, ஏறக்குறைய எத்தனை மி.லி. என்று எழுதுங்கள். கழுவினீர்களா, உறிஞ்சி மட்டும் எடுத்தீர்களா, கல்ச்சர் போனதா, டிரெயின் வைத்திருந்தால் அதன் நுனி எந்தக் குழியில் இருக்கிறது என்பதும் வேண்டும். "பரவலான சீழ்" என்பதைவிட, "இடுப்புக் குழியிலும் வலது பக்கப் பள்ளத்திலும் சுமார் 80 மி.லி., கல்லீரலுக்கு மேலும் இடது பக்கமும் சுத்தம்" என்பது பத்து நாள் கழித்து ஸ்கேன் பார்ப்பவருக்கு எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டும்.

இன்னொரு விஷயம், பார்க்காததைப் பற்றி எழுதுவது. டெம்ப்ளேட் வந்த பிறகு இது ரொம்பவே கெட்டுப்போயிருக்கிறது. "டெர்மினல் இலியம் நார்மல், மெக்கல் இல்லை, இரண்டு ஓவரியும் நார்மல்" என்ற வரி ஒட்டி ஒட்டி வந்து, ஆண் நோயாளியின் நோட்டில்கூட ஓவரி நார்மல் என்று படித்திருக்கிறேன். மெக்கல் டைவர்டிகுலம் பெரும்பாலும் இலியம் சீக்கத்தில் சேரும் இடத்திலிருந்து இரண்டடிக்குள், அதாவது சுமார் 60 செ.மீ.க்குள் இருக்கும். நீங்கள் 20 செ.மீ. மட்டும் பார்த்துவிட்டு "மெக்கல் இல்லை" என்று எழுதினால், இரண்டு வருஷம் கழித்து மலத்தில் ரத்தத்தோடு வருபவருக்கு அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். எத்தனை செ.மீ. பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். வீங்கிய குடலைப் பிரித்துப் பார்த்தால் கிழியும் என்று நிறுத்தியது சரியான முடிவுதான், அதில் மறைக்க எதுவுமில்லை. அப்பெண்டிக்ஸ் நார்மலாக இருந்து எடுக்காமல் விட்டிருந்தால், அதுதான் நோட்டின் முதல் வரியாக இருக்க வேண்டும். தழும்பு மூன்று இருக்கும், அப்பெண்டிக்ஸும் உள்ளே இருக்கும். என் கதையில் வந்தவரைவிட மோசமான நிலை அது.

பத்தாலஜி ரிப்போர்ட் எதிர்பாராமல் வருவதுண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் உங்கள் நோட் மறுபடி மேஜைக்கு வரும். நியூரோஎண்டோகிரைன் கட்டி 1 செ.மீ.க்குக் குறைவாக, முழுசாக எடுக்கப்பட்டிருந்தால் அதோடு பெரும்பாலும் முடிந்தது. 2 செ.மீ.க்கு மேல் என்றாலோ வெட்டு முனையில் கட்டி இருந்தாலோ, வலது பக்கப் பெருங்குடலை எடுப்பது பற்றிப் பேச வேண்டிவரும். மியூசினஸ் கட்டி என்றால், ஆபரேஷன் நடக்கும்போது அப்பெண்டிக்ஸ் கிழிந்ததா, சளி போன்ற பொருள் வயிற்றில் சிந்தியதா, பையில் போட்டு எடுத்தீர்களா, போர்ட் வழியாக நேராக இழுத்தீர்களா என்பதையெல்லாம் கேட்பார்கள். மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. "துண்டம் கிழியாமல், பையில், 10 மி.மீ. தொப்புள் போர்ட் வழியாக, காயத்தில் படாமல் எடுக்கப்பட்டது" என்று அன்றைக்கே எழுதிவைப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

உள்ளே நுழைந்தது, போர்ட் வைத்தது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்து போனீர்களா, வெரஸ் ஊசியா, தொப்புளுக்குக் கீழே ஏதாவது ஒட்டியிருந்ததா என்பது அடுத்து நுழைபவருக்குத் தேவை. 10 மி.மீ. போர்ட்டின் ஃபேஷியாவை எந்த நூலில் மூடினீர்கள் என்பது, அங்கே ஹெர்னியா வந்தால் தேவை. அவ்வளவுதான்.

இப்போது ஒரு முழு நோட்டைக் காட்டுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், இங்கே விஷயத்தைத் தமிழில் தருகிறேன். 29 வயதுப் பெண், இரண்டு நாள் வலி, கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ், சி.டி.யில் சீக்கத்துக்குப் பின்னால் வீங்கிய அப்பெண்டிக்ஸ், உள்ளே இரண்டு கல். பெயர், எண், தேதி, நேரம், சர்ஜன், அசிஸ்டென்ட், மயக்க மருத்துவர், ஆன்டிபயாட்டிக் கொடுத்த நேரம் எல்லாம் மேலே படிவத்தில் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சுருக்கம்: நடுப்பகுதியில் பெர்ஃபரேட் ஆன, சீக்கத்துக்குப் பின்னால் இருந்த அப்பெண்டிக்ஸ். லேப்ராஸ்கோப்பி வழியாகவே முழுமையாக எடுக்கப்பட்டது. அடி நேரில் பார்க்கப்பட்டது. கல் 2, இரண்டும் வெளியே.

நுழைவு: தொப்புளுக்குக் கீழே திறந்த முறையில் 10 மி.மீ. போர்ட், ஒட்டல் இல்லை. இடது அடிவயிற்றில் 5 மி.மீ., அடிவயிற்றின் நடுவில் மூத்திரப்பைக்கு மேலே 5 மி.மீ., இரண்டும் கேமராவில் பார்த்தபடி. அழுத்தம் 12.

பார்த்தது: இடுப்புக் குழியிலும் வலது பக்கப் பள்ளத்திலும் சீழ், சுமார் 80 மி.லி., கல்ச்சருக்கு அனுப்பப்பட்டது. கல்லீரலுக்கு மேலும் இடது பக்கமும் சுத்தம். அப்பெண்டிக்ஸ் சுமார் 8 செ.மீ., நுனி மேல்நோக்கிச் சீக்கத்துக்குப் பின்னால். அடியிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி 5 மி.மீ. ஓட்டை. அடியும் சுற்றி 1 செ.மீ. சீக்கமும் ஆரோக்கியம். வலது ஓவரியும் குழாயும் மேலே சிவந்திருந்தன, மற்றபடி நார்மல். இடது ஓவரி நார்மல். டெர்மினல் இலியம் 20 செ.மீ. பார்க்கப்பட்டது, நார்மல். அதற்கு மேல் குடல் வீங்கி ஒட்டியிருந்ததால் பிரிக்கவில்லை. மெக்கல் உண்டா என்று பார்க்கவில்லை.

செய்தது: சீக்கத்தின் வெளிப்பக்க மடிப்பைப் பிரித்துச் சீக்கம் உள்பக்கமாகப் புரட்டப்பட்டது. முன் டீனியாவைத் தொடர்ந்து மூன்று டீனியாவும் சேரும் இடம் காணப்பட்டது. இலியம் சேரும் இடமும் அதே பார்வையில் தெரிந்தது, படம் எடுக்கப்பட்டது. மீசோ பைப்போலாரால் அப்பெண்டிக்ஸை ஒட்டியே பிரிக்கப்பட்டது, சீக்கச் சுவரை ஒட்டிச் சூடு பயன்படுத்தவில்லை. ஸ்டம்ப் பக்கம் கரையும் நூலில் 2 எண்டோலூப், துண்டத்தின் பக்கம் 1. சீக்கச் சுவரிலிருந்து முதல் லூப் 2 மி.மீ., இரண்டாவது அதை ஒட்டி, அதற்கு அப்பால் திசு 3 மி.மீ., 5 மி.மீ. தண்டை வைத்து அளந்தது. உலோகமோ பாலிமர் கிளிப்போ உள்ளே இல்லை.

கல்: பிரிக்கும்போது ஓட்டை வழியாக ஒரு கல், சுமார் 4 மி.மீ., வலது பள்ளத்தில் விழுந்தது, உடனே பையில் எடுக்கப்பட்டது. இரண்டாவது கல் துண்டத்தின் அடிப்பக்க மூன்றிலொரு பங்கில் விரலுக்குத் தட்டுப்பட்டது. துண்டம் கீறப்படவில்லை.

துண்டம்: ஓட்டை முன்பே இருந்தது, பிரிக்கும்போது மேலும் கிழியவில்லை. சளிப் பொருள் காணவில்லை. பையில் தொப்புள் வழியாக எடுக்கப்பட்டது, அடி முனையில் நூல் அடையாளத்தோடு பத்தாலஜிக்கு.

சீழ் உறிஞ்சப்பட்டது, கழுவவில்லை. டிரெயின் இல்லை. ரத்த இழப்பு 20 மி.லி.க்குள். தொப்புள் ஃபேஷியா கரையும் நூலில் மூடப்பட்டது. கணக்கு சரி.

காய்ச்சல் 5ஆம் நாளுக்கு மேல் நீடித்தால் முதலில் இடுப்புக் குழியையும் வலது பள்ளத்தையும் பார்க்கவும்."

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆபரேஷன் செய்தவருக்கு மட்டும் தெரிந்த சந்தேகத்தை, இரவு டியூட்டியில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது அது. "மெக்கல் உண்டா என்று பார்க்கவில்லை" என்ற வரியையும் கவனியுங்கள். அதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எழுதிவிடுங்கள்.

இதை எப்போது எழுதுவது? நோயாளி ஓ.டி.யை விட்டு வெளியே போவதற்குள். அடுத்த கேஸ் ஆரம்பித்துவிட்டால் மில்லிமீட்டர் எல்லாம் நினைவிலிருந்து போய், "சுமார்" என்ற சொல் மட்டும் மிஞ்சும். நான் ஆபரேஷன் செய்யும்போதே அளவுகளை வாய்விட்டுச் சொல்வேன், சுற்றி நிற்கும் சிஸ்டர் போர்டில் குறித்துக்கொள்வார். லூப் போட்ட பிறகு அடியின் ஒரு படத்தை மருத்துவமனை எண்ணோடு சேமித்துவிட்டால் இன்னும் நல்லது. செய்தவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்றால், எழுதியதும் செய்தவரிடம் ஸ்டம்ப் வரியையும் கல் வரியையும் மட்டுமாவது வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், நம் ஊர் நிலைமைக்கென்று ஒன்று. நோட் ஆஸ்பத்திரியின் அறையில் தங்கிவிடும், நோயாளியின் கையில் போவது டிஸ்சார்ஜ் சம்மரி. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருந்தால் போதும். ஸ்டம்ப் அப்பெண்டிசைட்டிஸ் பத்து, இருபது வருஷம் கழித்துகூட வந்திருக்கிறது. ஆகவே பின்னால் வருபவருக்கு வேண்டியதைச் சம்மரியில் சேர்த்தே ஆக வேண்டும். "லேப் அப்பெண்டிசெக்டமி செய்யப்பட்டது" என்பதற்குக் கீழே நான்கு வரி போதும். அடி பார்க்கப்பட்டதா, எதனால் மூடப்பட்டது, ஸ்டம்ப் எத்தனை மி.மீ. என்பது ஒன்று. கல் கணக்கு ஒன்று. பார்க்காமல் விட்டது ஒன்று. பத்தாலஜி எண்ணும், ரிப்போர்ட் வந்ததா இல்லையா என்பதும் ஒன்று. அதைக் கொடுக்கும்போது, "இந்தத் தாளைப் பத்திரமா வைங்க. எப்பவாவது வலது பக்கம் வயிறு வலிச்சா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டுங்க" என்று நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் சொல்லிவிடுங்கள். லேமினேட் செய்து வைத்துக்கொள்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

பத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் பழைய நோட்டில் கை வைக்காதீர்கள். அடியில் அன்றைய தேதி, நேரத்தோடு "கூடுதல் குறிப்பு" என்று போட்டு, ரிப்போர்ட் என்ன சொன்னது, வெட்டு முனை சுத்தமா, நோயாளிக்கு யார் எப்போது சொன்னார்கள் என்று எழுதுங்கள். நோட்டில் நீங்கள் எழுதியதும் ரிப்போர்ட்டும் முரண்பட்டால், உதாரணமாக நீங்கள் ஒரு கல் துண்டத்தின் உள்ளே இருக்கிறது என்று எழுதி, அவர்கள் கல் இல்லை என்று எழுதியிருந்தால், பத்தாலஜிக்குப் போன் போட்டு, துண்டத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்கவில்லை என்றால், கல் ஒன்று வயிற்றில் இருக்கலாம் என்று கூடுதல் குறிப்பில் எழுதி, நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்லி, சம்மரியையும் திருத்திக் கொடுங்கள்.